பட்டியலில் இரண்டு காரைக்குடி

நகரத்தார் வழக்கில் புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம். பையனுக்குத் திருமணம் ஆனதும் அவர் தன் கோவிலில் ஒரு புள்ளியாகச் சேர்கிறார். திருப்பணியோ திருவிழாவோ வந்தால் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் வரி போடுவார்கள். பெரும்பாலான குடும்பங்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பதால், யார் யார் புள்ளி, யார் வரி கட்டிவிட்டார்கள் என்பதை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வது பெரிய வேலை. அப்படி ஒரு பட்டியலைக் கணினியில் ஒன்றுசேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று கோப்புகள் இருந்தன. ஒன்று ஊரில் ஒரு அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. இன்னொன்று சென்னையில் இருப்பவர்கள் போனில் தட்டி அனுப்பியது. மூன்றாவது மலேசியாவில் இருப்பவர்கள் இணையப் படிவத்தில் நிரப்பியது.

மூன்றையும் சேர்த்து, ஊர்வாரியாக எண்ணி, அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்குப் பார்க்கும் ஆச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

“ஏன் தம்பி, காரைக்குடி ரெண்டு தடவை வந்திருக்கே?”

வந்திருந்தது. ஒரு காரைக்குடியில் 41 புள்ளி, அடுத்த வரியில் இன்னொரு காரைக்குடியில் 17 புள்ளி. இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை. ஊர்ப்பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆட்களின் பெயர்களும் அப்படியே பிரிந்திருந்தன. ஒரே ஆள் இரண்டு வரியில் இருந்தார். கட்டிய பணம் ஒரு வரியில் வரவாகியிருக்க, மற்ற வரியில் அவர் பெயரில் பாக்கி நின்றது. இந்தப் பட்டியலை நம்பி அறிவிப்பு அனுப்பியிருந்தால், பணம் கட்டியவர் வீட்டுக்கே பாக்கிக் கடிதம் போயிருக்கும். கோவில் விஷயத்தில் அது சின்ன மனவருத்தத்தோடு முடிகிற காரியம் இல்லை.

சரி, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஏன் இரண்டாகிறது? கணினி எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. எழுத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் எண்களைத்தான் ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. ‘காரைக்குடி’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது க, துணைக்கால், ர, ஐகாரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி என்று பத்து எண்கள். ஆச்சி காட்டிய இரண்டாவது காரைக்குடியின் நீளத்தைக் கேட்டால் பதினொன்று என்று வந்தது. அந்தப் பதினோராவது எது என்று பார்க்க மூன்று வரி போதும்.

```python
import unicodedata

for c in s:
    print(hex(ord(c)), unicodedata.name(c, "?"))
```

```
0xb95 TAMIL LETTER KA
0xbbe TAMIL VOWEL SIGN AA
0xbb0 TAMIL LETTER RA
0xbc8 TAMIL VOWEL SIGN AI
0xb95 TAMIL LETTER KA
0xbcd TAMIL SIGN VIRAMA
0x200c ZERO WIDTH NON-JOINER
0xb95 TAMIL LETTER KA
0xbc1 TAMIL VOWEL SIGN U
0xb9f TAMIL LETTER TTA
0xbbf TAMIL VOWEL SIGN I
```

ஏழாவது வரியில் இருக்கிறது விடை. புள்ளிக்கும் அடுத்த க-வுக்கும் நடுவில் `U+200C` என்ற எழுத்து உட்கார்ந்திருக்கிறது. ஜீரோ விட்த் நான்-ஜாய்னர் என்பது அதன் பெயர். அகலம் சுழி, உருவம் கிடையாது. திரையிலும் தெரியாது, அச்சிலும் தெரியாது. ஆனால் கோப்பில் மற்ற எழுத்துகளைப் போலவே ஓர் எண்ணாக இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தைப் போலவே மூன்று பைட் இடமும் எடுத்துக்கொள்கிறது.

இதை வெறும் குப்பை என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு ஒரு வேலை உண்டு. இந்திய மொழிகள் பலவற்றில் மெய்யும் உயிர்மெய்யும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டெழுத்தாகிவிடும். இந்தியில் அப்படிச் சேராமல் மெய்க்குறி தனியாகத் தெரிய வேண்டும் என்றால் நடுவில் இந்த எழுத்தை வைக்க வேண்டும். ‘இங்கே ஒட்டாதே’ என்று எழுத்துருவுக்குச் சொல்லும் குறிப்பு அது. தமிழிலோ மெய்யெழுத்தின் தலையில் எப்போதும் புள்ளி இருக்கும். க் பக்கத்தில் கு வந்தால் இரண்டும் ஒட்டப்போவதில்லை. இன்று நாம் எழுதும் தமிழில் ஒட்டுகிற இடங்கள் க்ஷ, ஸ்ரீ இரண்டும்தான். ‘ரிக்ஷா’ என்று அடித்தால் க்ஷ என்ற ஒற்றை எழுத்து வருகிறது. ‘ரிக்‌ஷா’ என்று க்-உம் ஷா-வும் தனித்தனியாக வர வேண்டும் என்றால் நடுவில் அந்த எழுத்து இருந்தே ஆக வேண்டும். இந்த வரியிலேயே அது இருக்கிறது.

தமிழர்களுக்கு இது இவ்வளவு தொல்லை தருவதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்தியில் தேவையில்லாத இடத்தில் இந்த எழுத்து விழுந்தால் கூட்டெழுத்து உடைந்து அசிங்கமாகத் தெரியும். படிப்பவர் உடனே திருத்திவிடுவார். தமிழில் க்ஷ, ஸ்ரீ தவிர வேறு எந்தப் புள்ளிக்குப் பின்னால் விழுந்தாலும் உருவம் மாறாது. தவறு கண்ணில் படாததால் ஆண்டுக்கணக்கில் கோப்புக்குக் கோப்பு நகலாகிக்கொண்டே போகும்.

அடுத்து, அது எப்படி உள்ளே வந்தது என்று தேடினேன். அச்சகத்தில் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப் பயன்படுத்திய நிரலில் ஒரு மாற்று அட்டவணை இருந்தது. பழைய எழுத்துருவில் ‘க்’ என்பது தனி எழுத்து. அதற்கு எதிரே அட்டவணையில் க, புள்ளி, `U+200C` என்று மூன்றும் இருந்தன. பழைய கோப்பில் க் பக்கத்தில் ஷ தனியாக வந்திருந்தால் அது க்ஷ ஆகிவிடக் கூடாது என்று யாரோ கவனமாகச் செய்த வேலை இது. க்-க்கு மட்டும் செய்திருந்தால் நியாயம். பதினெட்டு மெய்க்கும் சேர்த்தே செய்துவிட்டார்கள்.

ஆகவே அந்தக் கோப்பில் புள்ளி வைத்த ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரு மறைந்த எழுத்து இருந்தது. ‘காரைக்குடி’ என்ற சொல்லில் ஒரு மெய்ப்புள்ளி, அதனால் பத்து பதினொன்றானது. கானாடுகாத்தானில் இரண்டு, பதினான்கு பதினாறானது. பள்ளத்தூரில் மூன்று, பத்து பதிமூன்றானது. மிகுந்து நிற்கும் நீளம் புள்ளிகளின் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தால், அது மாற்றியின் வேலை அல்லது ஏதோ விசைப்பலகையின் வேலை என்று தைரியமாகச் சொல்லலாம். மிகுதி ஒன்றோ இரண்டோ மட்டும் எங்கெங்கோ தென்பட்டால், எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வந்தது என்று கொள்ளலாம். இந்த ஓர் அடையாளம் எனக்குப் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியது.

இன்னொன்றையும் கவனித்தேன். நம் பெயர்களில் எத்தனை புள்ளியில் முடிகின்றன! நாச்சியப்பன், சிதம்பரம், உமையாள், பள்ளத்தூர். இவற்றில் மறைந்த எழுத்து ஒன்று பெயரின் கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓரத்தில் இருக்கும் இடைவெளியை நீக்கும் கட்டளை இதையும் நீக்கிவிடும் என்று நானும் நம்பினேன். நீக்காது. பைத்தானின் `strip()`, எக்செலின் `TRIM` இரண்டுக்கும் இது இடைவெளி இல்லை. எக்செலின் `CLEAN` கட்டளைக்கு ‘அச்சிட முடியாத எழுத்துகளை நீக்கும்’ என்று பெயர் இருந்தாலும், அது 0 முதல் 31 வரையிலான எண்களை நீக்கவே எழுதப்பட்டது. நம் எழுத்தின் எண் 8204. அதை எக்செலில் நீக்குவதற்குப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்:

```
=SUBSTITUTE(A2,UNICHAR(8204),"")
```

மலேசியாவிலிருந்து வந்த கோப்பில் வேறு இரண்டு எழுத்துகள் கிடைத்தன. முதலாவது கோப்பின் தலைவாசலிலேயே நின்றது. அந்தக் கோப்பை எக்செலில் திறந்து யூடிஎஃப்-8 சிஎஸ்வி-யாகச் சேமித்திருந்தார்கள். அப்படிச் சேமித்தால் கோப்பின் முதல் எழுத்தாக `U+FEFF` என்ற அடையாளக் குறி வரும். நிரல் அதை முதல் நெடுவரிசையின் தலைப்போடு சேர்த்துப் படித்துவிடும். தலைப்பு ‘ஊர்’ என்று கண்முன்னால் இருக்கும்போதே, அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்று நிரல் நின்றுவிடும். கோப்பைத் திறக்கும்போது `utf-8` என்பதற்குப் பதிலாக `utf-8-sig` என்று கொடுத்தால் தீர்ந்தது.

இரண்டாவது விலாசங்களில் இருந்தது. விலாசம் என்று நகரத்தார் சொல்வது வீட்டு முகவரியை அல்ல, பெயருக்கு முன்னால் வரும் தலைமுறை எழுத்துகளை. ‘ராம.அழ.சித.’ என்பது போல இடைவெளி இல்லாமல் நீளமாக வரும். இணையப் பக்கத்தில் இது வரியின் ஓரத்தில் மடங்குவதற்காக, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பின்னும் `U+200B` என்ற அகலமில்லாத இடைவெளியைப் படிவம் செய்தவர் வைத்திருந்தார். பக்கத்திலிருந்து நகலெடுத்தவர்களின் கோப்பில் அதுவும் கூடவே வந்துவிட்டது. இதைக் கையால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பல செயலிகளில் பின்னழிப்பு விசையை ஒரு முறை அழுத்தினால் எதுவும் அழிந்தது போலத் தெரியாது. அடுத்த முறை அழுத்தும்போதுதான் எழுத்து போகும். முதல் அழுத்தலில் போனது மறைந்திருந்த எழுத்து.

பைத்தான் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி `print(repr(s))`. அது தமிழ் எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு, உருவமில்லாதவற்றை மட்டும் எண்ணாகக் காட்டும். ஆச்சியிடம் இதைத்தான் திரையில் காட்டினேன்.

```
'காரைக்குடி'
'காரைக்\u200cகுடி'
```

இப்போது தேவகோட்டைக்கு வருகிறேன். நான் இடறி விழுந்த இடம் இது. நீளத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று ஒரு கட்டத்தில் நினைத்துவிட்டேன். தேவகோட்டை சரியாக இருந்தால் நீளம் ஒன்பது. பட்டியலில் நீளம் பத்து உள்ள தேவகோட்டைகளும் இருந்தன. ஒரு புள்ளிக்கு ஒன்று மிகுதி, கணக்கு சரி, இதுவும் மாற்றியின் வேலைதான் என்று `U+200C`-ஐ மட்டும் நீக்கிவிட்டு மறுபடி எண்ணினால், பத்து நீளத்தில் இன்னும் சில தேவகோட்டைகள் பாக்கி. அவற்றில் மறைந்த எழுத்து எதுவுமே இல்லை. ‘கோ’வில்தான் சிக்கல். ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். `U+0BCB` என்று ஒரே எண்ணாக எழுதலாம். இரட்டைக்கொம்பு `U+0BC7`, துணைக்கால் `U+0BBE` என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். சிலருடைய விசைப்பலகையில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருக்கிறார்கள்.

இந்த இரண்டும் ஒரே மதிப்புடையவை என்று யூனிகோடே சொல்கிறது. என்எஃப்சி என்ற இயல்பாக்கம் கொம்பையும் காலையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும். ஆனால் அதே என்எஃப்சி மறைந்த எழுத்தைத் தொடாது. ‘எழுத்தை இயல்பாக்கிவிட்டேன், இனிப் பிரச்சினை இல்லை’ என்று சொல்பவர்கள் பலரும் தவறவிடுவது இதைத்தான். `U+200C` யூனிகோடின் கண்ணில் பொருளுள்ள எழுத்து. அதை நீக்குவது இயல்பாக்கத்தின் வேலை இல்லை. ஆக இரண்டு நோய்க்கும் தனித்தனி மருந்து. கொடுக்கும் வரிசையும் முக்கியம். கொம்புக்கும் காலுக்கும் நடுவில் மறைந்த எழுத்து விழுந்திருந்தால் என்எஃப்சியால் இரண்டையும் சேர்க்க முடியாது. முதலில் மறைந்ததை நீக்கிவிட்டுப் பிறகு இயல்பாக்க வேண்டும்.

```python
import re, unicodedata

def savi(s):
    s = re.sub("[\u200b\u200c\u200d\u2060\ufeff]", "", s)
    return unicodedata.normalize("NFC", s).strip()
```

‘சாவி’ என்று பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. இதிலிருந்து வருவதை அச்சிடக் கூடாது, ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். மூலப் பெயர் ஒரு நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும். சாவி பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையில் இருக்கட்டும். இரண்டு வரிகள் ஒரே ஆளா என்று கேட்கும்போது சாவியோடு சாவியை ஒப்பிட வேண்டும். செட்டிநாட்டில் மீனாட்சி, விசாலாட்சி, லெட்சுமணன் என்று ட்ச போட்டே எழுதுவதால், பழைய பெயர்களில் க்ஷ அபூர்வம். இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு அக்ஷயா என்று வைக்கிறார்கள். அதை ‘க்‌ஷ’ என்று பிரித்து எழுத விரும்பும் வீட்டின் பெயரை நாம் மாற்றி அச்சிட முடியாது. மூலத்தையே சுத்தம் செய்துதான் ஆக வேண்டும் என்றால், க்-உக்கும் ஷ-வுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

```python
s = re.sub("(?<!க்)\u200c|\u200c(?!ஷ)", "", s)
```

தமிழ் அல்லாத எழுத்து கலந்த நெடுவரிசையில் இந்தத் துடைப்பத்தை எடுக்கவே கூடாது. இலங்கைத் தொடர்பு உள்ள குடும்பங்களின் முகவரிகளில் சிங்களமும் வரும். சிங்களத்தில் ‘ஸ்ரீ’ எழுத்துக்கு நடுவில் `U+200D` இருந்தால்தான் அது சேர்ந்து தெரியும். அதை நீக்கினால் எழுத்தே உடைந்துவிடும்.

தரவுத்தளத்தில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். யூனிகோடின் வரிசைப்படுத்தல் முறை இந்த மறைந்த எழுத்தை எடையே இல்லாததாக எடுத்துக்கொள்கிறது. அந்த முறையைப் பின்பற்றும் தரவுத்தளத்தில் இரண்டு காரைக்குடியும் சமம் என்று விடை வரலாம். அதே இரண்டையும் வெளியே எடுத்து நிரலில் ஒப்பிட்டால் சமம் இல்லை என்று வரும். இரண்டு விடையும் அவரவர் விதிப்படி சரி. எந்த இடத்தில் ஒப்பிடுகிறோம் என்பதை முடிவு செய்து, எல்லா இடத்திலும் சாவியை மட்டுமே ஒப்பிட்டால் இந்தச் சண்டை வராது.

சாவியும் தீர்க்காதவை சில உண்டு. ‘ஸ்ரீ’யை ஸ போட்டும் எழுதலாம். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ என்ற எழுத்தைப் போட்டும் எழுதலாம். உருவம் ஒன்றே, எண் வேறு. என்எஃப்சி இதை ஒன்றாகக் கருதாது. இதற்கு நாமே ஒரு விதி எழுதிக்கொள்ள வேண்டும். நான் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் மறுபடி எண்ணினேன். காரைக்குடி ஒரே வரியில் 58 என்று வந்தது. ஊர் அளவில் அது 41-உம் 17-உம் சேர்ந்ததுதான். அதற்குள் ஒரே ஆள் இரண்டு முறை வந்த வரிகளைச் சாவியால் சேர்த்த பிறகு 52 புள்ளி நின்றது. பாக்கி என்று தவறாகக் காட்டிய ஆறு வரிகளும் வரவான வரிகளோடு சேர்ந்துவிட்டன. கடைசியில் இரண்டு ஜோடிப் பெயர்கள் மட்டும் எனக்கு முடிவு தெரியாமல் நின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு வரியில் லெட்சுமணன், மற்ற வரியில் லட்சுமணன். அதில் மறைந்திருப்பது எதுவும் இல்லை, எழுத்தே வேறு. இரண்டையும் தனித் தாளில் எழுதி ஆச்சியிடம் கொடுத்தேன். விலாசத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஜோடி ஒரே ஆள்தான் என்று உடனே சொல்லிவிட்டார்கள். மற்ற ஜோடி பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். இருவருக்கும் ஒரே தாத்தாவின் பெயர்.